கையெழுத்துக்கு முன்னால் ஒரு மெயில்

அன்புள்ள அம்மிணிக்கு,

சரவணம்பட்டி கம்பெனியின் ஆஃபர் லெட்டரை உங்கப்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மாதம் 25,000 என்பதை வீடே படித்துவிட்டது. நாலாம் பக்கத்தை ஒருத்தரும் புரட்டின மாதிரி தெரியவில்லை. ஆறு மாதம் ப்ரொபேஷன், 90 நாள் நோட்டீஸ், இரண்டு வருஷ பாண்ட், இடையில் போனால் 2 லட்சம் என்று அங்கேதான் போட்டிருக்கிறது.

பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று உன் சிநேகிதி சொன்னாளாமே? அப்படி இல்லை. விஜயா வங்கியில் மூன்று வருஷம் முடியும் முன்னே விலகிய ஓர் அதிகாரி, கட்டிய 2 லட்சத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடினார். வங்கி வாங்கியது சரிதான் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு வங்கி ஓர் இடத்தை நிரப்ப மறுபடி விளம்பரம், தேர்வு என்று செலவழிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். உன் கம்பெனிக்கு அந்தக் காரணம் அப்படியே பொருந்தாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் அதைச் சொல்ல நீ கோர்ட்டுப் படி ஏற வேண்டும். ரிலீவிங் லெட்டரைப் பிடித்துவைத்தால் எத்தனை பேர் ஏறுவார்கள்?

அதனால் இப்போதே கேள். இரண்டு வருஷம் சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த பிறகா? பதினெட்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போனால் மீதிக் காலத்துக்கு 50,000 போதுமா, முழு 2 லட்சமா? உன் கடிதத்தில் இது இல்லவே இல்லை. ப்ரொபேஷனில் அவர்களே அனுப்பிவிட்டால் பாண்ட் என்ன ஆகும்? இதைத்தான் முதலில் கேட்பேன். "எக்காரணத்தால் வேலை முடிந்தாலும்" என்ற சொற்றொடர் பாண்டில் இருந்தால், அவர்கள் அனுப்பினாலும் உன்னிடம் பணம் கேட்க இடமிருக்கிறது.

நோட்டீஸிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாம் என்கிறார்கள். பேசிக்கிலா, மொத்தச் சம்பளத்திலா என்று சொல்லவில்லை. உன் பேசிக் 10,000. மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கில் 30,000, இன்னொன்றில் 75,000. ப்ரொபேஷனில் இருக்கும்போதும் 90 நாள்தானா, அவர்கள் அனுப்பினால் உனக்கும் அத்தனை நாள் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேள்.

ஹெச்ஆர் போனில், "அதெல்லாம் ஃபார்மாலிட்டிங்க, யார்கிட்டயும் வாங்கினதில்லைங்க" என்பார். நல்ல மனுஷராகவே இருக்கலாம்; நீ விலகும்போது அவர் அங்கே இருப்பாரா? "சரிங்க சார், நீங்க சொன்னதை மெயில்ல போட்டுடறேன், சரின்னு ஒரு பதில் அனுப்பிடுங்க" என்று சொல். வாய்ப்பேச்சு செல்லாது என்று கடைசிப் பத்தியில் அவர்களே எழுதியிருப்பதால், திருத்திய கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரிஜினல் சர்டிபிகேட், வெற்று செக் கேட்டால் கொடுக்காதே. சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வா. பதில் மெயில் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்தே படிக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா