சமையலறையின் மின்சுமை

புதிய சிற்றுணவகம் ஒன்றின் சமையலறையில் மின்னடுப்பு 3,000 வாட், மாவரைக்கும் எந்திரம் 1,500, மிக்சி 800, குளிர்பதனப் பெட்டி 600, விளக்குகளும் விசிறிகளும் 1,000 எனக் கொள்வோம். மொத்தச் சுமை 6,900 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 30 ஆம்பியர் கிடைக்கும்.

ஒருமுனை இணைப்பில் இம்மின்னோட்டம் முழுவதும் ஒரே கம்பியில் பாயும். அரைவை எந்திரத்தின் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை ஈர்ப்பதால், அதே கம்பியிலுள்ள விளக்குகள் மங்கும்.

மும்முனை இணைப்பில் சுமையைப் பகிரலாம். அடுப்பு ஒரு முனையில் 13 ஆம்பியர். அரைவை எந்திரமும் மிக்சியும் மற்றொன்றில் 10. ஏனையவை மூன்றாவதில் 7. மோட்டார் வேறு முனையில் இருப்பதால் விளக்குகள் மங்குவதில்லை. பின்னாளில் வெந்நீர்க் கலன் வாங்கினால், சுமை குறைந்த மூன்றாம் முனையில் அதனை இணைத்தல் வேண்டும். ஒப்பந்தச் சுமையையும் உயர்த்திப் பெறுதல் வேண்டும்.