குட்டியானால் ‘ஹெட்’

நெதர்லாந்தில் வேலைக்கு வந்து டச்சு படிக்கிறேன். நாய்க்கு ‘டெ ஹொன்ட்’, ஆனால் நாய்க்குட்டிக்கு ‘ஹெட் ஹொன்ட்யெ’ என்கிறார்கள். குட்டியானதும் பால் ஏன் மாறுகிறது?

நாய் மாறவில்லை, சொல்லின் வால்தான் மாறியது. டச்சில் பாலைத் தீர்மானிப்பது கடைசி உறுப்பு. ‘வீடு’ அஃறிணை, ‘காரர்’ ஒட்டியதும் ‘வீட்டுக்காரர்’ உயர்திணை ஆகிவிடுகிறாரே, அதே கதை. சிறுமைப் பொருள் தரும் ‘யெ’ விகுதி எப்போதும் அலிப்பால். ஒட்டிய சொல் எதுவானாலும் தன் ‘ஹெட்’டையே போட்டுவிடும். ‘டெ மன்’ என்ற ஆண்கூட ‘ஹெட் மன்னெட்யெ’தான். சிறுமியைக் குறிக்கும் ‘மெய்ஷெ’யும் இப்படிப் பிறந்ததே, அதனால் ‘ஹெட் மெய்ஷெ’. ஆனால் அடுத்த வாக்கியத்தில் அவளை ‘அவள்’ என்றே சொல்லுங்கள், ‘அது’ என்றால் காதுக்கு உறுத்தும்.

பெயரடையும் கூடவே மாறும். ‘ஒரு சின்ன நாய்’ என்பது ‘என் க்ளெய்னெ ஹொன்ட்’; குட்டியானதும் ‘என் க்ளெய்ன் ஹொன்ட்யெ’. கடைசி ‘னெ’ ‘ன்’ ஆகிவிட்டதைப் பாருங்கள்.

வழுக்கும் இடம் பன்மை. அங்கே எல்லாமே ‘டெ’: ‘டெ ஹொன்ட்யெஸ்’. மற்றபடி, ஒரு சொல்லுக்கு ‘டெ’யா ‘ஹெட்’டா என்று மறந்துபோனால், ஒருமையில் ‘யெ’ சேர்த்து ‘ஹெட்’ போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் பீரைக்கூடக் குட்டி பீராக்கித்தான் கேட்பார்கள். யாருக்கும் சந்தேகம் வராது.