கூப்பன் கோடு மட்டும் பார்த்து விளம்பரத்துக்குப் பணம் போடாதீங்க!

வேலைக்குப் போய்க்கிட்டே வீட்டுல இட்லி பொடி, பருப்பு பொடி செஞ்சு ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு ஆர்டர் ₹600. செலவெல்லாம் போக கைல நிக்கிறது ₹250. 10% கூப்பன் கொடுத்தா ₹190 தான்.

இந்த மாசம் இன்ஸ்டா விளம்பரத்துக்கு ₹6,000, பக்கத்து அபார்ட்மெண்ட்ல நோட்டீஸ் கொடுக்க ₹3,000 செலவு. ரெண்டுக்கும் தனித்தனி கோடு: INSTA10, FLAT10. புது கஸ்டமர் 76 பேர் வந்தாங்க. அதுல INSTA10 போட்டவங்க 40, FLAT10 போட்டவங்க 8, கோடே போடாதவங்க 28.

கணக்குப் போட்டா இன்ஸ்டாவுல ஒரு கஸ்டமருக்கு ₹150, நோட்டீஸ்ல ₹375. நோட்டீஸை நிறுத்திடலாம்னு தோணும், இல்லையா? அங்கதான் சறுக்குவோம்.

பணம் கட்டி முடிச்ச பக்கத்துல ஒரே ஒரு கேள்வி வைங்க: "எங்களைப் பத்தி முதல்ல எங்க தெரிஞ்சுக்கிட்டீங்க?" பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டா சிலர் பாதியிலயே போயிடுவாங்க. வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குறவங்க, அட்ரஸ் வாங்கும்போதே கேட்டுடலாம்.

76 பேரும் பதில் சொன்னதா எடுத்துக்கிட்டா, படம் இப்படி மாறலாம்: இன்ஸ்டா 24, நோட்டீஸ் 30, தெரிஞ்சவங்க சொன்னது 22. ஏன் இவ்ளோ வித்தியாசம்? நோட்டீஸ் பார்த்தவங்கள்ல 13 பேர் கோடே போடலை. நோட்டீஸ் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும், கடை பேர் மட்டும் ஞாபகம் இருந்திருக்கும். இன்னொரு 9 பேர், ஃபேமிலி குரூப்ல யாரோ ஃபார்வர்ட் பண்ண INSTA10-ஐ போட்டிருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லி வந்த 7 பேரும் அதையேதான். ஆக, இன்ஸ்டா விளம்பரம் மூலமா வராத 16 பேருக்கு தலைக்கு ₹60, மொத்தம் ₹960 தள்ளுபடி போயிடுச்சு.

இப்போ நோட்டீஸ்ல ஒரு கஸ்டமருக்கு ₹100 தான். இன்ஸ்டாவுல ₹250, கைல நிக்கிறதோ ₹190. முதல் ஆர்டர்லயே தலைக்கு ₹60 நஷ்டம். திரும்ப வாங்குனாதான் அது ஈடாகும்.

கேள்வியும் நூத்துக்கு நூறு சரியா இருக்காது. அவசரத்துல முதல்ல இருக்கிற ஆப்ஷனை தட்டிட்டுப் போறவங்க உண்டு. ஒரே ஆப்ஷனுக்கு, அதுவும் லிஸ்ட்ல மேல இருக்கிறதுக்கே, பதில் குவிஞ்சா சந்தேகப்படுங்க; வாராவாரம் வரிசையை மாத்திப் பாருங்க. பழைய கஸ்டமர்கிட்ட கேக்காதீங்க, எண்ணிக்கை குழம்பிடும்.

கோடுல ஒரு திருத்தம்: INSTA10 மாதிரி யாரும் யூகிக்கிற பேர் வேண்டாம். மாசாமாசம் மாத்துங்க, ஒரு நம்பருக்கு ஒரு தடவைன்னு வைங்க. அடுத்த மாசம் இன்ஸ்டா பணத்துல ₹3,000-ஐ எடுத்து இன்னொரு அபார்ட்மெண்ட்ல புது கோடோட நோட்டீஸ் போட்டுப் பாருங்க. அங்கயும் ₹100 பக்கத்துல வந்தா, முதல் தடவை கிடைச்சது வெறும் அதிர்ஷ்டம் இல்லைன்னு ஓரளவு நம்பலாம்.