பன்னாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியரின் பணிக்குறிப்பு

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது ஹெப்பகோடி. தமிழக எல்லை அருகிலேயே இருப்பதால் நம்மவர் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவற்றில் பள்ளி ஆசிரியைகளும் ஆசிரியர்களும் பலர். இந்த வட்டாரத்திலேயே பன்னாட்டுப் பாடத்திட்டம் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உள்ள பள்ளிகளுக்கும் இங்கிருந்து விண்ணப்பிக்கிறார்கள். அப்படி விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவோடு சேர்த்து அனுப்ப வேண்டிய பணிக்குறிப்பை எப்படி எழுதுவது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஹெப்பகோடியில் வசிக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியை, சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக 11, 12 ஆம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார். அவருடைய குறிப்பின் முதல் வரி இதுதான்: "ஒன்பது ஆண்டுகளாக நூறு சதவீதத் தேர்ச்சி." நம் ஊர்ப் பள்ளியில் இந்த வரிக்கு மதிப்பு உண்டு. ஆனால் துபாயில் இருக்கும் தலைமையாசிரியருக்கு இது ஒன்றையுமே சொல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

பாடத்திட்ட அனுபவம்

பன்னாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு திட்டங்கள் நடக்கின்றன. ஒன்று கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ.; இது நம் 9, 10 ஆம் வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கானது. மற்றொன்று 1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட ஐ.பி. அமைப்பின் டிப்ளமா, இது 11, 12 ஆம் வகுப்புக்கு இணையானது. "சி.பி.எஸ்.இ. அனுபவம் ஒன்பது ஆண்டு" என்று மட்டும் எழுதினால், அதில் எது தங்களுக்குப் பயன்படும் என்பதை அவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை நாமே செய்து கொடுப்பது நல்லது.

ஐ.பி. இயற்பியலில் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம், மாணவர் தாமே ஒரு கேள்வியை எழுப்பி, சோதனை அமைத்து, அளந்து எழுதும் ஆய்வுக்கு உரியது. சி.பி.எஸ்.இ. 12 ஆம் வகுப்புச் செய்முறைத் தேர்விலும் மாணவர் செய்யும் ஆய்வுத் திட்டம் உண்டு. ஆனால் அதற்கு 30இல் 3 மதிப்பெண்தான். ஆகவே பல பள்ளிகளில் கடையில் வாங்கிய மாதிரியோடு அது முடிந்துவிடும். நம் ஆசிரியை அதை உண்மையாகவே நடத்தியிருந்தால், அதுதான் அவருக்கும் ஐ.பி.க்கும் இடையே உள்ள பாலம். "ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டினேன். கேள்வியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அளவீட்டுப் பிழையைக் கணக்கிடுவதைக் கற்றுக் கொடுத்தேன்" என்று எழுதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐ.பி. அமைப்பின் முதல் நிலைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர்கள் "ஐ.பி. அனுபவம் உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். அது பயிற்சி, கற்பித்த அனுபவம் அன்று. நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே இது தெரிந்துவிடும். "பயிற்சி பெற்றுள்ளேன், இன்னும் கற்பிக்கவில்லை" என்று எழுதுவதால் குறைவு ஒன்றுமில்லை.

கற்பித்த பாடங்கள்

பாடத்தின் பெயரோடு வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் எழுதுங்கள். மாதத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, பணியில் இடைவெளி எங்கே விழுந்தது, ஏன் என்று பன்னாட்டுப் பள்ளிகள் விசாரிக்கின்றன. பிரசவத்துக்காக ஓராண்டு வீட்டிலிருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆண்டுகளை மட்டும் போட்டு இடைவெளியை மறைத்தால் சந்தேகம்தான் வரும்.

வகுப்பின் முடிவுகள்

இப்போது அந்த நூறு சதவீதத்துக்கு வருவோம். சி.பி.எஸ்.இ.யில் தேர்ச்சி மதிப்பெண் 33 சதவீதம். எல்லாரும் அதைத் தாண்டினார்கள் என்பதால் எவ்வளவு கற்றார்கள் என்பது தெரியாது. "பத்துப் பேர் ஏ1" என்பதும் அப்படித்தான். ஏ1 என்பது, தேர்ச்சி பெற்றவர்களைத் தர வரிசைப்படுத்தி முதல் எட்டில் ஒரு பங்கினருக்குத் தரப்படுவது. அதற்கென்று நிலையான மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தபோதே கெட்டிக்காரர்களாக இருந்திருந்தால், அதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு?

ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நம் ஆசிரியையின் வகுப்பில் 34 மாணவர்கள். 12 ஆம் வகுப்பில்தான் அவர்கள் இவரிடம் வந்தார்கள். பொதுத்தேர்வில் வகுப்புச் சராசரி 71 என்று கொள்வோம். இதில் 30 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. அதில் பெரும்பாலும் எல்லாருமே 28 வாங்கிவிடுகிறார்கள். அதைக் கழித்து, எழுத்துத் தேர்வை மட்டும் பாருங்கள்: 70க்கு 43. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும். இதே பிள்ளைகள் 11 ஆம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் 70க்கு 36 எடுத்திருந்தார்கள்.

ஏழு மதிப்பெண் கூடியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. 11 ஆம் வகுப்பு வினாத்தாள் பள்ளி தயாரித்தது. பொதுத்தேர்வுத் தாள் வேறு. ஒன்று கடினமாகவும் மற்றது எளிதாகவும் இருந்திருக்கலாம். இதற்கு ஒரு வழி உண்டு. அதே 34 பேரின் வேதியியல் மதிப்பெண்ணை அருகில் வையுங்கள். அதுவும் 70க்குத்தான். 11 ஆம் வகுப்பில் வேதியியல் 40, இயற்பியல் 36. அதாவது இயற்பியல் நான்கு குறைவு. பொதுத்தேர்வில் வேதியியல் 42, இயற்பியல் 43. இப்போது ஒன்று கூடுதல். பிள்ளைகள் அவர்களேதான். பின்தங்கியிருந்த பாடம் முன்னால் வந்திருக்கிறது. இதை இரண்டு வரியில் எழுதினால் படிப்பவருக்குப் பொருள் விளங்கும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே ஓர் ஆண்டில் இப்படி வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். வேதியியல் ஆசிரியர் நடுவில் மாறியிருந்தால் ஒப்பீடே செல்லாது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, சரியாக வராத ஆண்டையும் சேர்த்தே கொடுங்கள். சி.பி.எஸ்.இ. சதவீதத்தை ஐ.பி.யின் 1 முதல் 7 வரையான தரத்துக்கு நீங்களாக மாற்றிப் போடாதீர்கள். மாணவர் பெயரோ தேர்வு எண்ணோ எங்கும் வரக்கூடாது.

எண்களுக்குக் கீழே, வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி அவசியம். "வெள்ளிதோறும் ஒரு கணக்கை விடையோடு கொடுத்து, தவறிய படி எது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன்" என்பது போல இருக்கலாம். நேர்காணலில் கேள்விகள் இந்த வரியிலிருந்துதான் தொடங்கும். எனவே உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள்.

இவை எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மதிப்பெண் விவரங்களைப் பள்ளியை விட்டு வந்தபின் கேட்டு வாங்குவது கடினம். பணியில் இருக்கும்போதே, ஒவ்வொரு ஆண்டும் முடிவு வந்தவுடன், தலைமையாசிரியரின் அனுமதியோடு வகுப்புச் சராசரிகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.