வண்டிப் பெட்டியில் இன்னொரு ஜட்டி

மே மாதம். சென்னையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மேலே நிறுவனம் தந்த பாலியஸ்டர் டிஷர்ட், கீழே ஜீன்ஸ், உட்காருவது ரெக்ஸின் சீட். காலை பதினொரு மணிக்கு ஏறினால் இரவு பதினொன்றுக்குத்தான் இறக்கம். கடலோர ஊர் என்பதால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் காயாது. தொடை இடுக்கும் இடுப்பும் மணிக்கணக்கில் ஊறிக் கிடக்கும். வேர்க்குருவும் படர்தாமரையும் இந்த ஊறலில்தான் தொடங்குகின்றன.

எங்கள் பகுதியில் இந்த வேலை பார்க்கும் ஒரு தம்பி போன கோடையில் மூன்று வாரம் வண்டி ஓட்ட முடியாமல் வீட்டில் இருந்தார். "காட்டன் ஜட்டிதானே அண்ணா போடுறேன், அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பருத்தி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே ஏறக்குறைய 7, 8 கிராம் ஈரத்தை எடுத்து வைத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. அதனால்தான் பருத்தி உள்ளாடை தோலின் மேல் நிற்கும் வியர்வையை வாங்கிக்கொள்கிறது, தோல் மூச்சுவிடுகிறது. ஆனால் வாங்கிய ஈரத்தைப் பருத்தி சீக்கிரம் விடாது. முழுக்க நனைந்த பருத்தி ஜட்டி, ஜீன்ஸுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், ஈரத்துணியைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான். அது உரசும், தோலைப் புண்ணாக்கும், பூஞ்சைக்கும் வசதி செய்து கொடுக்கும். ஆகவே பருத்தி வாங்குவது பாதி வேலை. நனைந்ததும் மாற்றுவதுதான் மீதிப் பாதி. அந்தத் தம்பி காலையில் போட்டதை இரவில்தான் கழற்றியிருக்கிறார்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் லேபிள். நூறு சதவீதம் பருத்தி, அல்லது 95 சதவீதம் பருத்தியும் 5 சதவீதம் எலாஸ்டேனும் என்றிருந்தால் சரி. எலாஸ்டேன் என்பது இழுவைக்காகச் சேர்ப்பது, அந்த அளவால் கெடுதல் இல்லை. "காட்டன் ரிச்" என்று மட்டும் எழுதி சதவீதம் போடாததை வைத்துவிடுங்கள். நடைபாதையில் லேபிளே இல்லாமல் வாங்கியதில் சந்தேகம் இருந்தால், தையல் நூலை விட்டு, துணியின் ஓரத்திலிருந்தே இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் அது பாலியஸ்டரோ நைலானோ கலந்தது.

அடுத்தது வெட்டு. வண்டியில் உட்காருபவருக்கு இதுதான் முக்கியம் என்பேன். சாதாரண ஜட்டியின் எலாஸ்டிக், தொடை மடியும் கோட்டிலேயே வந்து உட்காரும். வியர்வையும் உரசலும் அதிகமான இடமும் அதுதான். தொடையில் நான்கைந்து விரல் அளவு இறங்கும் ட்ரங்க் வகை, இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு துணியை வைத்துவிடுகிறது. தோலும் தோலும் உரசாது. தொடை சற்றுப் பருமனாக உள்ளவர்கள் இன்னும் நீளமான கால் உள்ளதை எடுங்கள், குட்டையானது மேலே சுருண்டு கயிறாகிவிடும். இரவில் கழற்றும்போது இடுப்பிலும் தொடையிலும் ஆழமான தடம் விழுந்திருந்தால் அளவு சிறியது. 85 போடுபவர் 90 எடுக்கட்டும். பருத்திப் பின்னல் துணி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதியதை ஒருமுறை துவைத்துவிட்டே போடுங்கள். கடைத்துணியின் பளபளப்புப் பூச்சு தண்ணீரை உறிஞ்சவிடாது. வாசனைக்காக ஊற்றும் துணி கண்டிஷனரும் அதே கெடுதலைத்தான் செய்யும், உள்ளாடைக்கு அது வேண்டாம். மேலே, டிஷர்ட்டுக்குள் ஒரு கைவைத்த பருத்தி பனியன் போட்டால் அக்குளில் பாலியஸ்டர் படாது.

எத்தனை வேண்டும்? நாளுக்கு இரண்டு. இன்று போட இரண்டு, கொடியில் காய இரண்டு, மழை வந்தால் கைக்காவலாக இரண்டு. ஆக ஆறு. மதிய ஆர்டர்கள் ஓய்ந்து மூன்று மணி ஆகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரால் கழுவி, கைக்குட்டையால் ஒற்றித் துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, பிறகு புதியதைப் போடுங்கள். ஈரத் தோலில் பவுடர் கொட்டினால் அது மடிப்புகளில் உருண்டு திரளும். காலில் சேற்றுப்புண் இருப்பவர்கள் முதலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு பிறகு ஜட்டியை ஏற்றுங்கள். பாதத்துப் பூஞ்சை ஜட்டியில் ஒட்டிக்கொண்டு தொடைக்கு ஏறுவது அடிக்கடி நடப்பது.

துவைத்ததை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். இதை வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உள்ளாடையை நைட்டிக்கும் துண்டுக்கும் அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அங்கே வெயிலும் படாது, காற்றும் போகாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் தையல் மடிப்பில் ஈரம் நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் நாள் தொடங்கும்போதே ஊறல் தொடங்கிவிடும்.

இத்தனை செய்தும் வந்துவிட்டால், என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். ஊசிமுனை அளவில் சிவந்த பொரிகள், முள் குத்துவது போன்ற சுணைப்பு, குளிர்ந்த இடத்தில் ஓரிரு நாள் இருந்தால் அடங்குகிறது என்றால் அது வேர்க்குரு. காலமைன் லோஷனும் காற்றோட்டமும் போதும். வட்டமாக, ஓரம் தடித்துச் செதிலாக, நடுப்பகுதி தெளிந்து, வாரா வாரம் விரிந்துகொண்டே போனால் அது படர்தாமரை. இதை ஜட்டி மாற்றி ஆற்ற முடியாது.

அந்தத் தம்பி தவறியதும் இங்கேதான். மருந்துக்கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினார். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வந்தது. மறுபடி தடவினார். ட்யூபைத் திருப்பிப் பார்த்தபோது க்ளோபெட்டசால் என்று போட்டிருந்தது. அது வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும், தொடைத் தோலை மெலிதாக்கி வரிவரியாகக் கிழித்துவிடும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால், பூஞ்சை மருந்தும் கூடவே கலந்திருந்தாலும், தொடை இடுக்கில் தடவாதீர்கள். அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும், மருந்தை விடாதீர்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். துண்டைத் தனியாக வைத்து வெந்நீரில் துவையுங்கள்.

அவர் இப்போது டெலிவரிப் பெட்டியின் பக்கப் பையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜட்டி வைத்திருக்கிறார். மாற்ற இடம் கிடைப்பதுதான் அவருக்கு இன்னும் சிரமம். பெட்ரோல் பங்க் கழிவறையைத்தான் நம்பியிருக்கிறார். உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆர்டர் எடுக்க வரும் தம்பி கழிவறை கேட்டால், கதவைத் திறந்துவிடுங்கள்.