மோசடிக் குறுஞ்செய்தி வந்தால்: முதலில் முறைப்பாடு, பிறகு அழித்தல்

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பொதிக்காகச் சுன்னாகத்தில் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது: "முகவரி பிழை என்பதால் பொதி நிறுத்தப்பட்டுள்ளது. சிறு கட்டணம் செலுத்துங்கள்." கீழே ஓர் இணைப்பு இருக்கிறது. தபால் திணைக்களத்தின் பெயரில் இத்தகைய போலிச் செய்திகள் இலங்கையில் பலருக்கு வந்துள்ளன. திணைக்களமும் இதுபற்றி மக்களை எச்சரித்துள்ளது.

இணைப்பைத் திறந்தால் தபால் திணைக்களத்தின் பக்கம் போலவே ஒன்று தோன்றும். அது வங்கி அட்டையின் இலக்கத்தையும், பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும், பின்னர் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கும். இவற்றைக் கொடுத்தால் கணக்கிலுள்ள பணத்தை எடுத்துவிடுவார்கள். திணைக்களத்தின் உண்மையான இணைய முகவரி slpost.gov.lk. சந்தேகம் இருந்தால் உங்கள் தபாலகத்தில் நேரில் கேளுங்கள்.

செய்தியைப் பார்த்ததும் அழித்துவிடத் தோன்றும். அழித்தால் அனுப்பிய இலக்கம், இணைப்பு, நேரம் ஆகிய மூன்றும் போய்விடும். முறைப்பாட்டுக்கு வேண்டியவை அவையே. அந்த இலக்கத்தைத் தடை செய்வதால் உங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. மோசடிக்காரர் வேறொரு இலக்கத்திலிருந்து அயல்வீட்டாருக்கு அதே இணைப்பை அனுப்பலாம். இணைப்பைப் பற்றி அறிவித்தால்தான் போலிப் பக்கத்தை முடக்க முயற்சி எடுக்க முடியும். ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. இணைப்பைத் தொடாமல், இலக்கம், நேரம், முழு இணைப்பு ஆகியவை தெரியும்படி திரையைப் படம்பிடியுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் மின் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் படம் பதிவாகும். சாதாரணப் பொத்தான் தொலைபேசியென்றால் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

2. இலங்கை கணினி அவசர நடவடிக்கைப் பிரிவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அல்லது படத்தை report@cert.gov.lk என்ற மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

3. செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் Report என்பதையும் அழுத்துங்கள். அந்த நபர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குச் செல்லும். நீங்கள் அறிவித்தது அவருக்குத் தெரியாது. பல தொலைபேசிகளில், தடை செய்து உரையாடலை அழிக்கும் தெரிவும் அதே பெட்டியில் ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். எனவே படம் எடுக்கும் முன் இதை அழுத்த வேண்டாம்.

4. இறுதியாக Block அழுத்தி அந்த இலக்கத்தைத் தடை செய்து, செய்தியை அழியுங்கள். எடுத்த படத்தை வைத்திருங்கள்.

அட்டை விவரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் இந்த ஒழுங்கு மாறும். முதலில் அட்டையின் பின்புறமுள்ள வங்கி இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், படத்துடனும் வங்கிக் கணக்கு விவரத்துடனும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை செய்தியை அழிக்காதீர்கள்.