கை நீட்டாமலும் நலம் விசாரிக்கலாம்

தேவாரத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் மூன்று கட்டளை கிடைக்கும்: “மாமாவுக்கு வணக்கம் சொல்லு, கையைக் குடு, மூஞ்சியப் பாத்துப் பேசு.” என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் அவனால் ஒன்றையும் செய்ய முடியாது. இப்போது வாலிபனாகி, ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் சொல்லிவைப்பவை இவை.

முதலில் கண். கண்ணைப் பார்க்காதவன் மதிக்கவில்லை, கவனிக்கவில்லை என்று நம் ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். 2017இல் நுஷின் ஹாஜிகானி என்ற ஆய்வாளரின் குழு, ஆட்டிசம் உள்ளவர்களை முகப்படங்களின் கண் பகுதியையே பார்க்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தது. முகத்தையும் உணர்ச்சியையும் சட்டென்று உணரும் ஆழ்மூளைப் பகுதிகள் அவர்களுக்கு அளவுக்கு மீறி விழித்துக்கொண்டன. அப்படியானால் பார்வையை விலக்குவதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. தாங்க முடியாத ஒன்றிலிருந்து ஒதுங்குவதாகவும் இருக்கலாம். என் மகன் சுவரைப் பார்த்தபடி கேட்ட பேச்சை இரவில் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வான். எல்லாருக்கும் இப்படித்தான் என்றில்லை. சிலர் இயல்பாகவே பார்ப்பார்கள். அவர்களாகப் பார்த்தால் பார்க்கட்டும், “என்னைப் பாரு” என்று தாடையைத் திருப்பக் கூடாது.

அவன் சிறுவனாக இருந்தபோது என் அண்ணன் ஒருமுறை மலை எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். அவன் திண்ணையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் வருவதை நான் காலையிலேயே அவரது போட்டோவைக் காட்டிச் சொல்லியிருந்தேன். அண்ணனிடமும், “அண்ணே, தூக்க வேண்டாம், கன்னத்தைக் கிள்ள வேண்டாம். பக்கத்தில உக்காந்து பேரைச் சொல்லுங்க, போதும்” என்று போனில் சொல்லியிருந்தேன்.

பின்னாலிருந்து வராமல், அவன் பார்வையில் படும்படி பக்கவாட்டில் வந்தார். இரண்டு கை தூரம் விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவரும் மூடிகளைப் பார்த்துக்கொண்டே, “மருமகனே, மாமா வந்திருக்கேன்” என்று தணிந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார். மனசுக்குள் பத்து எண்ணும் நேரம் போனது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து அதையே சத்தமாகத் திரும்பச் சொல்வார்கள். கேட்டதை உள்வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது புதிதாக இன்னொரு வாக்கியம். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என் மகன் தலையைத் தூக்காமலே, “மாமா வந்திருக்கேன்” என்றான். சொன்னதையே திருப்பிச் சொல்வது கேலியோ புரியாமையோ இல்லை, அதுதான் அவன் பதில். அண்ணன் “ஆமா” என்று ஏற்றுக்கொண்டார்.

தொடுவதற்கு வேறு கணக்கு. லேசாகத் தடவுவது சிலருக்கு எரிச்சல். அவர்களே இறுக்கிப் பிடிப்பதை விரும்பலாம். அதனால் ஊகிக்காமல், “கை குடுக்கிறியா, வணக்கம் போதுமா?” என்று கேளுங்கள். கையை நீட்டிக்கொண்டு கேட்டால் அது கேள்வியாக இருக்காது. தள்ளி நின்று கும்பிடும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதையே முதலில் பயன்படுத்தலாம். பதிலுக்கு அவன் கும்பிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். காதைப் பொத்துவது, உடலை வேகமாக ஆட்டுவது, முனகல் கூடுவது, நகர்ந்துபோவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் பேச்சை நிறுத்தி ஓரடி பின்னால் போய்விடுங்கள்.

வளர்ந்தவர்களிடம் ஆள்கள் வேறொரு விதத்தில் தவறுகிறார்கள். என் மகன் எதிரிலேயே நிற்கும்போது, “தம்பி நல்லா இருக்கானா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். அவனிடமே கேட்க வேண்டும், கொஞ்சும் குரல் வேண்டாம். “என்ன விசேஷம்?” என்று பொதுவாகக் கேட்டால் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லையே என்று திகைத்து நிற்பான். “இன்னைக்குப் பெரிய காய் நிறைய வந்துச்சா?” என்று கேட்டால் எடை முதல் நிறம் வரை சொல்வான். பேச வராதவர்கள் தலையசைப்பதையும், கையிலிருக்கும் பொருளைக் காட்டுவதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடைபெறும்போதும் இதே முறைதான். திடீரென எழுந்து, “டாட்டா சொல்லு” என்று நிற்காதீர்கள். “டீ குடிச்சிட்டுக் கிளம்பிருவேன்” என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கலாம். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அடுத்த முறையும் இப்படியே வாருங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முன்பே தெரிந்த ஆளிடம்தான் அவனால் பயமில்லாமல் இருக்க முடியும்.